அடுக்களைக்குள் நுழைந்து அப்பளம் விற்காதீர்கள்



இந்தப் பதிவு உங்களில் சிலருக்குக் கோபம் வரவைக்கும். வரட்டும். கணக்கு வாத்தியார் மேல் கோபம் வருவது உங்களுக்குப் புதிதல்ல.

கடந்த ஒரு வருடத்தில் என்னைக் கேட்காமல் என்னைச் சேர்த்த வியாபாரக் குரூப்புகள் பதினொன்று. அதில் நான்கு உறவுக்காரர்களுடையவை, மீதி என் மாணவர்களுடையவை. புடவை, தேன், மாடித்தோட்ட விதை, மரச்செக்கு எண்ணெய், மனை விற்பனை. காலை ஐந்தே முக்காலுக்கு ரோஜாப்பூவும் "இனிய காலை வணக்கமும்", அதன் கீழே விலைப்பட்டியல். எல்லாம் நல்ல சரக்கு, எல்லோரும் நல்ல பிள்ளைகள். ஆனால் வழி தவறு. "சார், இன்றைக்கு வியாபாரம் என்றால் இப்படித்தான்" என்று என்னிடமே சொல்கிறீர்கள். இல்லை, இப்படி இல்லை. இப்படிச் செய்து தொழிலையே இழக்கப் பார்த்த ஒருத்தியின் கதையைச் சொல்லித்தான் இதை விளக்க முடியும். அவள் அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

கல்லிடைக்குறிச்சிக்காரி. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். கணவருக்கு உடம்பு முடியாமல் போனபின் மாமியாரோடு சேர்ந்து அப்பளம் இடத் தொடங்கினாள். உளுந்து அப்பளம், பிரண்டை அப்பளம், கோடையில் கூழ்வத்தல், மோர்மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி. சரக்கில் குறை சொல்ல முடியாது. வாங்கியவர் திரும்ப வாங்குவார். ஆனால் வாங்குபவர்கள் எல்லாம் அந்த நாலு தெருவுக்குள்ளேயே இருந்தார்கள்.

இந்த நேரத்தில் "டிஜிட்டல் வியாபாரப் பயிற்சி" நடத்தும் ஒருவர் அவளுக்கு ஐயாயிரம் போன் எண்கள் கொண்ட கோப்பு ஒன்றை விற்றார். "எல்லாம் சமையலில் ஆர்வமுள்ள குடும்பத் தலைவிகள்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஐயாயிரம் பேருக்கு அனுப்பினால் நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலும் ஐம்பது ஆர்டர் என்று கணக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்.

அவள் அந்த எண்களை எல்லாம் போனில் ஏற்றினாள். வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான் அடங்குவார்கள். ஆகவே இருபது லிஸ்ட் போட்டாள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை. அப்பளப் படத்தோடு செய்தியை அனுப்பினாள். ஒரு பதிலும் இல்லை.

ஏன் பதில் இல்லை என்பதைத்தான் முதலில் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிராட்காஸ்ட் லிஸ்டில் நீங்கள் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்தால் போதாது, அவர் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Message info என்பதைப் பார்த்தால் யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார் என்று தெரியும். அவள் பார்த்தபோது, சேர்ந்தவர்கள் பட்டியலில் இருந்தவர்கள் ஏற்கெனவே அவளைத் தெரிந்த சிலர் மட்டும்தான். ஐயாயிரமும் காற்றில் போயிற்று.

அந்தப் பயிற்சியாளரைக் கேட்டாள். "அப்படியானால் தனித்தனியாக அனுப்புங்கள், அதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது" என்றார். அதற்கும் காசு. அதையும் போட்டாள். இந்த முறை செய்தி போய்ச் சேர்ந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் திரையிலேயே Block, Report என்று இரண்டு பொத்தான்கள் கண்ணில் படும்படி நிற்கும். அதை அழுத்த ஒரு விநாடி போதும். எத்தனை பேர் அழுத்தினார்களோ, மூன்றாம் நாள் காலையில் அவள் கணக்கு முடங்கிவிட்டது. இப்படி மொத்தமாக அனுப்பும் மென்பொருள்களை வாட்ஸ்அப் தன் விதிகளிலேயே தடை செய்திருக்கிறது என்பதை விற்றவர் சொல்லவில்லை.

முடங்கியது அப்பளக் கடை மட்டுமா? பையனின் பள்ளிக்கூடக் குரூப், வெளியூரில் இருக்கும் அண்ணனோடு பேச்சு, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களின் ஆர்டர்கள் எல்லாம் அந்த ஒரே எண்ணில்தான் இருந்தன. திரையில் வரும் Request a review என்பதை அழுத்திவிட்டு ஐந்து நாள் காத்திருந்தாள். கணக்கு திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இப்போது அந்த ஐம்பது ஆர்டர் கணக்குக்கு வருகிறேன். வகுப்பில் ஒருவன் இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் பாதி மதிப்பெண்கூடக் கொடுத்திருக்க மாட்டேன். ஐம்பதை எழுதியவர் மீதி 4950-ஐ ஏன் எழுதவில்லை? அந்த 4950 பேரும் காணாமல் போய்விடுவதில்லை. அவர்களும் அப்பளம் சாப்பிடுகிறவர்கள்தான். நாளைக்கு யாராவது ஒருவர் "கல்லிடைக்குறிச்சி அப்பளம் நல்லாயிருக்கும்" என்று சொன்னால், "ஐயோ, அந்தத் தொல்லை எண்ணா" என்று சொல்லப்போகிறவர்கள். அப்பளம் ஒருமுறை வாங்கி முடிக்கும் பொருள் அல்ல. ஒரு பாக்கெட் 120 ரூபாய் என்று வையுங்கள். மாதம் ஒன்று வாங்கும் வீடு வருடத்துக்கு 1440 ரூபாய் தருகிறது. அந்த வீடு உங்களை பிளாக் செய்தால் போவது 120 அல்ல, வருடா வருடம் 1440. இதுதான் முழுக் கணக்கு.

என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு அப்பளக்காரர் வருவார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்துக்கொண்டே போவார். வேண்டியவர் வாசலுக்கு வந்து கூப்பிடுவார். பழகிய வீடென்றால் திண்ணையில் உட்கார்ந்து "மாமி, இந்த முறை பிரண்டை போட்டது இருக்கு" என்பார். ஒருநாளும் கதவைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தது கிடையாது. வாட்ஸ்அப்பிலும் இந்த மூன்று இடங்களும் இருக்கின்றன. ஸ்டேட்டஸ் போடுவது தெருவில் குரல் கொடுப்பது. பார்க்க நினைப்பவர் பார்ப்பார், 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். பிராட்காஸ்ட் என்பது பழகிய வீட்டுத் திண்ணை. தெரியாத எண்ணுக்குச் செய்தி அனுப்புவதும், கேட்காமல் குரூப்பில் சேர்ப்பதும் அடுக்களைக்குள் நுழைவது.

குரூப் அதைவிடவும் மோசம். நீங்கள் குரூப் தொடங்கி இருநூறு பேரைச் சேர்த்தால், ஒவ்வொருவரின் எண்ணையும் மற்ற எல்லோரும் பார்க்கலாம். "அட்மின் மட்டும் செய்தி போடலாம்" என்று வைத்தாலும் எண்கள் மறையாது. உங்களை நம்பிப் புடவை வாங்கிய ஒரு பெண்ணின் எண்ணை, அவளுக்கு முகம் தெரியாத இருநூறு பேர் கையில் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? பிராட்காஸ்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஒருவருக்கு மற்றவர் தெரியாது. பதில் போட்டால் உங்களுக்கு மட்டும் வரும். இவ்வளவு மரியாதையான கருவியை விட்டுவிட்டுக் குரூப்புக்குப் போவதற்கு ஒரே காரணம்தான்: குரூப்பில் மக்களின் சம்மதம் தேவைப்படாது. பிராட்காஸ்டில் அவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்தாக வேண்டும்.

இதைத்தான் எல்லோரும் குறை என்கிறீர்கள். "சேமிக்காதவருக்குப் போகாது சார், அது பெரிய குறை." அது குறை அல்ல பிள்ளைகளே, அதுதான் வாசற்படி. அந்தப் படியை மதித்தால் புது வாடிக்கையாளர் தானே வருவார். எப்படி வருவார் என்று அவள் செய்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வியாபாரத்துக்கென்று தனி எண் வாங்கினாள். வீட்டு எண் வீட்டுக்கு. புது எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. இரண்டும் ஒரே போனில் இருக்கலாம், எண்கள்தான் வேறாக இருக்க வேண்டும்.

அடுத்தது கேட்டலாக். அதில் 500 பொருள்கள் வரை போடலாம். அவளுக்குப் பதினான்கு போதும். கேட்டலாக்கை ஆல்பம் மாதிரி நினைத்துப் படத்தை மட்டும் அடுக்குகிறீர்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதுகிறீர்கள். பிறகு கேட்டலாக் எதற்கு? வாங்குபவர் உங்களிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கு அவர் கேட்காமலே பதில் சொல்வதுதான் அதன் வேலை. "பிரண்டை அப்பளம்" என்று மட்டும் எழுதாமல், அவள் இப்படி எழுதினாள்: எத்தனை அங்குலம், பாக்கெட்டில் எத்தனை எண்ணிக்கை, எடை எவ்வளவு, எத்தனை மாதம் கெடாது, காரம் உண்டா, வெங்காயம் பூண்டு உண்டா, விலை எவ்வளவு, கூரியர் செலவு தனியா சேர்ந்ததா, வழியில் உடைந்தால் என்ன செய்வாள். படம் மூன்று: பச்சை அப்பளம், பொரித்தது, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணோடு இருக்கும் பாக்கெட். பொரித்த படத்தில் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. அளவு கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. சுண்டைக்காய் வத்தல் தீர்ந்துபோனால் அதை கேட்டலாக்கில் மறைத்து வைக்கிறாள். இல்லாத சரக்கைக் காட்டி, கேட்டவரிடம் "இல்லை" என்பதும் தொல்லைதான்.

அடுத்து, புது ஆள் எப்படி உள்ளே வருவார்? செயலியிலேயே ஒரு கியூஆர் கோடும், wa.me என்று தொடங்கும் ஒரு சிறு இணைப்பும் கிடைக்கும். இவற்றின் வழியாக வருபவருக்கு ஒரு வரியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அவள் "அப்பளம் விலைப்பட்டியல் வேண்டும்" என்று வைத்தாள். அந்தக் கோடை ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகிலும் ஒட்டினாள். யோசித்துப் பாருங்கள், அப்பளப் பாக்கெட் எங்கெல்லாம் போகிறது? அம்பாசமுத்திரத்தில் வாங்கியவர் சென்னையில் இருக்கும் மகளுக்குக் கொடுத்து விடுகிறார். மகள் பக்கத்து வீட்டுக்கு நான்கு அப்பளம் பொரித்துக் கொடுக்கிறாள். "எங்கே வாங்கினீங்க" என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. பதில் பாக்கெட்டின் முதுகில் இருக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தானாகப் போனை எடுத்து, தானாக முதல் செய்தியை அனுப்புகிறார். ஐயாயிரம் எண் வாங்கியும் கிடைக்காத புது வாடிக்கையாளர் இவர்தான். இவரை நீங்கள் தேடிப் போகவில்லை. அவர் வந்தார். வந்தவர் பிளாக் செய்ய மாட்டார்.

வந்தவருக்கு என்ன பதில்? முதல்முறை எழுதுபவருக்கும், பதினான்கு நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி ஒன்றைச் செயலியில் எழுதி வைக்கலாம். அவளுடையது மூன்றே வரி: வணக்கம். கேட்டலாக் இணைப்பு இதோ. காலை 10 முதல் மாலை 6 வரை நானே பதில் சொல்வேன். அவ்வளவுதான். முதல் நாளே "லிஸ்டில் சேருங்கள்" என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை அவள் எப்போது கேட்கிறாள் தெரியுமா? சரக்கு போய்ச் சேர்ந்து, அவர்கள் பொரித்துச் சாப்பிட்டு, "நல்லாயிருந்தது" என்று சொன்ன பிறகு. அப்போது எழுதுகிறாள்: "புது வத்தல் வந்தால் மாதம் ஒருமுறை சொல்லட்டுமா? வேண்டும் என்றால் இந்த எண்ணைச் சேமித்துவிட்டு 'சரி' என்று அனுப்புங்கள். வேண்டாம் என்றாலும் ஒன்றுமில்லை, எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்." சிலர் "சரி" என்கிறார்கள். சிலர் பதிலே போடுவதில்லை. பதில் போடாதவர் "வேண்டாம்" என்றுதான் சொல்கிறார். அவரை லிஸ்டில் சேர்ப்பதில்லை. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் சரி, வியாபாரத்தில் இல்லை.

சரி என்றவர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. செயலியில் ஒவ்வொருவர் பெயரின்மேலும் நிறத்தோடு ஒரு லேபிள் ஒட்டலாம். அவள் வைத்தது மூன்று: மாதா மாதம் அப்பளம் வாங்குபவர், கோடையில் வத்தல் மட்டும் வாங்குபவர், கல்யாணச் சமையல்காரர். லேபிளுக்கு ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட். வெங்காயம் சேர்க்காத வீடுகளை அவள் தனியே குறித்து வைத்திருக்கிறாள், வெங்காய வடகம் போட்டால் அந்த வீடுகளுக்குச் செய்தி போகாது. பங்குனி வெயிலில் முதல் கூழ்வத்தல் காய்ந்ததும் வத்தல் லிஸ்டுக்கு மட்டும் ஒரு செய்தி. சமையல்காரருக்கு முகூர்த்த மாதம் தொடங்குமுன் ஒரு செய்தி, அதில் ஆயிரம் எண்ணிக்கைக்கு விலை. ஒருவருக்குத் தேவையான நேரத்தில் வரும் தகவலை அவர் தொல்லை என்று சொல்வதில்லை.

அவள் அனுப்பும் செய்தி எப்படி இருக்கும்? ஒரு படம். "இந்த வருடத்து மணத்தக்காளி வத்தல் தயார். 100 கிராம் இத்தனை ரூபாய். மொத்தம் 12 கிலோதான் போட்டிருக்கிறேன்." அந்தப் பொருளின் கேட்டலாக் இணைப்பு. கடைசி வரி: "இனி செய்தி வேண்டாம் என்றால் 'நிறுத்து' என்று ஒரு சொல் போதும்." நிறுத்து என்றவரை அன்றைக்கே எடுத்துவிடுகிறாள், ஏன் என்று கேட்பதில்லை. கடைசி வரிக்குத்தான் மிகவும் பயப்படுகிறீர்கள். நிறுத்து என்பவர் நாளைக்கு மறுபடி வரலாம். அந்த வழி இல்லாவிட்டால் அவர் கையில் இருப்பது பிளாக் பொத்தான் ஒன்றுதான். பிளாக் செய்தவர் திரும்பி வருவது அபூர்வம்.

அனுப்பிய மறுநாள் Message info பார்க்கிறாள். செய்தி சேராதவர் இருந்தால், அவர் எண்ணைச் சேமிக்கவில்லை, அல்லது போன் மாற்றியிருக்கலாம், அல்லது பிளாக் செய்திருக்கலாம். துரத்துவதில்லை. தொடர்ந்து மூன்று செய்தி சேராவிட்டால் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுகிறாள். சேர்ந்தும் படித்ததாகக் காட்டாதவரைப் பற்றி மட்டும் அவசர முடிவு கூடாது. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. படித்திருப்பார்கள், நமக்குத் தெரியாது.

இன்றைக்கு அவளுடைய மூன்று லிஸ்டிலும் சேர்த்து இருநூறு பேர்கூட இல்லை. 256 என்ற எல்லையை அவள் இன்னும் தொடவே இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் அந்த இருநூறு வீடுகளில் ஓடுகிறது. ஐயாயிரம் எண் ஓட்டவில்லை.

உங்கள் எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். "பெரிய கம்பெனிகள் அனுப்புகிறார்களே சார்?" அவர்கள் வேறு சேவையில் காசு கட்டி அனுப்புகிறார்கள். செய்தியின் மாதிரியை முன்கூட்டியே ஒப்புதல் வாங்குகிறார்கள். அங்கேயும் வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும் என்பதுதான் விதி. அதை மீறி அவர்களும் தொல்லை கொடுக்கிறார்கள் என்றால், அதைப் பார்த்து நீங்களும் எரிச்சல்தானே படுகிறீர்கள்? எரிச்சல்பட்டதையே எடுத்து நகல் செய்வானேன்? பெரிய கம்பெனி ஆயிரம் பேரை இழந்தால் தாங்கும். நம் ஊர் அப்பளக்காரி முப்பது பேரை இழந்தால் தாங்க மாட்டாள்.

"இது மெதுவாக அல்லவா நடக்கும்?" ஆமாம், மெதுவாகத்தான் நடக்கும். பாக்கெட் ஊர் ஊராகப் போகும் வேகத்தில்தான் நடக்கும். சரக்கு நன்றாக இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது, ஏனென்றால் பாக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. மோசமான சரக்கை விற்க நினைப்பவருக்குத்தான் ஐயாயிரம் எண் தேவை. உங்களில் யாரும் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம்.

கடைசியாக ஒன்று. எண்களின் கோப்பை விற்பவர், அந்த எண்களுக்குச் சொந்தக்காரர்களைக் கேட்டு விற்கவில்லை. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவரின் தகவலைப் பயன்படுத்தச் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து ஒழுங்காக இருங்கள் என்று நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. அந்தக் கோப்பில் உங்கள் அம்மாவின் எண்ணும் இருக்கலாம், அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளை காலை அந்தப் பதினொரு குரூப்புகளிலிருந்தும் நான் வெளியேறுகிறேன். யாரும் மனம் வருந்த வேண்டாம். உங்கள் கேட்டலாக் இணைப்பை எனக்குத் தனியாக அனுப்புங்கள். எனக்கு வேண்டியது இருந்தால் நானே கேட்பேன். வாங்கிப் பார்த்துப் பிடித்திருந்தால் எண்ணைச் சேமித்துவிட்டு "சரி" என்று அனுப்புகிறேன். தேன்காரனுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை நோய்க்காரனுக்குத் தினமும் காலையில் தேன் விளம்பரம் அனுப்பியது நீ ஒருத்தன்தானப்பா.

இந்தப் பதிவைப் பகிரலாம். கேட்டவருக்கு மட்டும்.

உங்கள் கணக்கு வாத்தியார்